எண்பதும் இருபதும்

(மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவன் ஒருவன்)

"கடைக்கு வருபவர்களில் நூற்றுக்கு இருபது பேர்தாம் வருமானத்தில் நூற்றுக்கு எண்பதைத் தருகின்றனர்" என்று வகுப்பில் கேட்ட நாளன்று, அந்த உண்மையை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற துடிப்பு எனக்கு உண்டாயிற்று. கம்மாபுரத்தில் மளிகைக்கடை நடத்தும் என் மாமாவிடம் அன்று மாலையே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படின்னா மாப்ளே, மத்த எண்பது பேருக்கு எதுக்கு நான் நோட்டுப் போடணும்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று நான் தலையாட்டினேன். அது பிழை என்று இன்று எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியப் பொருளியலறிஞர் வில்பிரெடோ பரேட்டோ, பல நாடுகளின் வருமானக் கணக்குகளை ஆராய்ந்து, செல்வம் சிலரிடமே குவிந்திருப்பதை 1896, 1897 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். கடைக்காரரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலாளர் ஜோசப் ஜுரான்தான், குறைபாடுகளில் பெரும்பகுதி சில காரணங்களாலேயே விளைகிறது என்று கண்டு, அதற்குப் பரேட்டோவின் பெயரைச் சூட்டினார். பின்னர் 1975 ஆம் ஆண்டில், அப்பெயரைச் சூட்டியது தம் பிழையே என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். குவிவுச் சதவிகிதத்தை வளைகோடாக வரையும் முறையும் பரேட்டோவுடையது அன்று. அது 1905 ஆம் ஆண்டில் மாக்ஸ் லாரன்ஸ் என்பவர் தந்தது. ஆகவே எண்பது, இருபது என்பவை இயற்கை விதித்த எண்கள் அல்ல. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் நம் கடையின் எண்கள் தெரியும்.

மாமா கடையின் பற்று நோட்டில் 20 பேர் இருந்தனர். ஒரு மாதத்தில் ஒவ்வொருவரும் வாங்கிய தொகையைக் கூட்டி எழுதினேன். மொத்தம் சரியாக 1,00,000 ரூபாய் வந்தது. பிறகு, அதிகம் வாங்கியவரை முதலிலும் குறைவாக வாங்கியவரைக் கடைசியிலும் வைத்து வரிசைப்படுத்தினேன். முதலில் ஓர் உணவு விடுதி, 24,000 ரூபாய். அடுத்து, கலியாணங்களுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர், 18,000. மூன்றாவதாக, பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், 14,000. நான்காவது, ஒரு பெரிய கூட்டுக் குடும்பம், 9,000. அதற்கடுத்த நால்வர் முறையே 5,000, 4,000, 3,500, 2,500. மீதியுள்ள 12 பேரும் 2,400 முதல் 700 வரை வாங்கியவர்கள், அனைவருக்குமாக 20,000.

இனிக் குவிவுச் சதவிகிதம். மேலிருந்து கீழே ஒவ்வொரு தொகையையும் முந்தைய கூட்டுத்தொகையோடு சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் மொத்த விற்பனையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். முதலாமவரோடு 24, இரண்டாமவரோடு 42, மூன்றாமவரோடு 56, நான்காமவரோடு 65. நான்கு பேர் என்பது இருபது பேரில் 20 சதவிகிதம். அவர்கள் தந்தது 65 சதவிகிதமே அன்றி 80 அன்று. 80ஐ எட்ட எட்டாவது ஆள் வரை இறங்க வேண்டியிருந்தது. எங்கள் கடையில் 40 சதவிகிதத்தினரே 80 சதவிகித விற்பனையைத் தந்தனர்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். எண்பதும் இருபதும் சேர்ந்து நூறு ஆவதால், ஒரே பொருளை இரு கூறாகப் பிரித்ததுபோல் பலருக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லை. ஒன்று ஆள் கணக்கு. மற்றொன்று பணக் கணக்கு. இரண்டும் நூறாகக் கூட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 20 பேர் 65 தரலாம். 10 பேர் 70 தரலாம்.

ஆயினும் சிலர் பெரும்பகுதியைத் தருகின்றனர் என்பது உண்மைதானே என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது விற்பனை. கடைக்காரன் உண்பது விற்பனையை அன்று, இலாபத்தை. விடுதிக்காரர் மூட்டைக் கணக்கில் வாங்குவதால் அவருக்கு மாமா வைக்கும் இலாபம் நூற்றுக்கு 4 மட்டுமே. சமையல்காரருக்கு 5, மறுவிற்பனை செய்யும் பெட்டிக்கடைக்காரருக்கு 3. குடும்பங்களுக்கு 10; நூறு, இருநூறு கிராமாக வாங்கும் கடைசிப் 12 பேருக்கு 12. இதன்படி இலாபம் விடுதியில் 960, சமையல்காரரிடம் 900, பெட்டிக்கடையில் 420, கூட்டுக் குடும்பத்தில் 900 ரூபாய். அடுத்த நால்வரிடம் 1,500. கடைசிப் 12 பேரிடம் 2,400. மொத்தம் 7,080.

இப்போது பாருங்கள். விற்பனையில் 65 சதவிகிதம் தந்த முதல் நால்வர் இலாபத்தில் 45 சதவிகிதமே தருகின்றனர். விற்பனையில் 20 சதவிகிதமே தந்த அந்தப் பன்னிருவர் இலாபத்தில் 34 சதவிகிதம் தருகின்றனர். அவர்களுக்கு நோட்டுப் போடுவதை நிறுத்தி, அவர்களும் வேறு கடைக்குப் போய்விட்டால், மாமாவின் இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். நான் தலையாட்டியது இதற்குத்தான்!

பட்டியலின் கடைசியில், 700 ரூபாய்க்கு வாங்கியவர் ஒரு பாட்டி. முதியோர் உதவித்தொகை கைக்கு வந்த அன்றே கடனைத் தீர்த்துவிடுபவர். பெட்டிக்கடைக்காரரின் பழைய பாக்கியோ மூன்று மாதமாக நிற்கிறது. மாமாவின் பணம் அங்கே முடங்கிக் கிடக்க, மொத்த வியாபாரியிடம் அவர் கடன் சொல்ல வேண்டியிருக்கிறது. குவிவுச் சதவிகிதத்தில் இந்த வேறுபாடு எங்கும் தென்படாது.

இன்னும் இரண்டு குறைகள் என் கணக்கில் உண்டு. பற்று நோட்டில் பெயர் இருப்பவர்களை மட்டுமே எண்ணினேன். ரொக்கம் கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் யாரென்றே தெரியாததால் அவர்கள் கணக்கில் வரவில்லை. மேலும் அது ஒரு மாதக் கணக்கு. அது முகூர்த்த மாதம். ஆடியிலும் மார்கழியிலும் சமையல்காரர் இரண்டாம் இடத்தில் இருக்கமாட்டார். அறுவடைப் பணம் வந்த மாதத்தில் உழவர் குடும்பங்கள் மேலேறும். பன்னிரண்டு மாதங்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஒருவரைப் பெரியவர், சிறியவர் என்று முத்திரை குத்துவது தவறு.

அப்படியானால் இக்கணக்கால் பயனே இல்லையா? உண்டு. யாரை விலக்கலாம் என்பதற்கு அன்று, எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு. விடுதி ஒன்று மூடப்பட்டால் ஒரே நாளில் விற்பனையில் 24 சதவிகிதம் போகும் என்பதை மாமா முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது அந்த ஒருவரை நம்பி அதிக மூட்டைகள் இறக்குவதைக் குறைத்துக்கொண்டார். பெட்டிக்கடைக்காரருக்குக் கடன் வரம்பும் வைத்துவிட்டார்.

விற்பனைக்கு ஒன்று, இலாபத்திற்கு ஒன்று, நிலுவைக்கு ஒன்று என மூன்று பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்க்காமல், எண்பது இருபது என்று யாரும் கடைக்காரரிடம் சொல்லக்கூடாது என்பதே என் கருத்து. என் மூன்று பட்டியல்களையும் பார்த்துவிட்டு மாமா சொன்னது இவ்வளவுதான்: "பாட்டி நோட்டை எடுத்து மேலே வை மாப்ளே."