ரூமில் ‘தேர் இஸ்’ஸா, ‘தேர் ஆர்’ஆ? பட்டியலின் முதல் பொருளைப் பாருங்க!

ராசிபுரம் பக்கத்து கிராமத்தில் இருந்து சேலத்துக்கு வேலைக்கு வரும் ஒரு பெண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஐந்து ரோடு அருகே ஹாஸ்டலில் ரூம் கிடைக்கிறது. ரூம் எப்படி என்று அம்மா போனில் கேட்கிறார். “ஒரு கட்டில், ரெண்டு சேர், ஒரு அலமாரி இருக்குதும்மா.” ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்.

கொஞ்ச நேரத்தில் பெங்களூருவில் இருக்கும் டீம்மேட் அதையே ஆங்கிலத்தில் கேட்கிறார். “தேர்...” என்று ஆரம்பித்ததுமே பிரேக் விழுகிறது. ஒரு கட்டில்தானே, அப்போ ‘இஸ்’. ஆனால் மொத்தம் நாலு பொருள் இருக்கிறதே, அப்போ ‘ஆர்’ அல்லவா?

இந்தத் தயக்கத்தை ‘இங்கிலீஷ் வீக்’ என்று எழுதி மூடிவிடுவது எளிது. ஆனால் பிரச்சினை அந்தப் பெண்ணிடம் இல்லை. இரண்டு மொழிகளும் பட்டியல் போடும் விதத்தில் இருக்கிறது.

தமிழில் ஏன் இந்தக் குழப்பம் வருவதில்லை?

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. கட்டில், சேர், அலமாரி என்று எல்லாவற்றையும் எண்ணி முடித்த பிறகுதான் ‘இருக்கு’ என்று சொல்கிறோம். அந்த ‘இருக்கு’வும் ஒன்றா, பலவா என்று பார்ப்பதில்லை. “ஒரு சேர் இருக்கு”, “ரெண்டு சேர் இருக்கு” இரண்டுமே சரி. ‘இருக்கிறது’, ‘இருக்கின்றன’ என்ற வித்தியாசம் எழுத்தில்தான் உண்டு. “ரூம்ல ரெண்டு சேர் இருக்கின்றன” என்று நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் யாராவது பேசினால், மேடைப் பேச்சு போல இருக்கும்.

பெயர்ச்சொல்லும் அப்படித்தான். ‘ரெண்டு சேர்’ என்றால் போதும், ‘சேர்கள்’ தேவையில்லை. பள்ளியில் படித்த ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ ஞாபகம் இருக்கிறதா? ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’. இரண்டிலும் ‘மாடு’ மாறவில்லை. ஒன்றா, பலவா என்பதை வினைதான் சொல்கிறது. பேச்சுத் தமிழில் அந்த வினையும் ‘வந்துச்சு’ என்று ஒன்றாகிவிட்டது.

ஆங்கிலம் இதற்கு நேர் எதிர். ‘தேர்’ என்று தொடங்கினால் அடுத்த சொல்லே வினை. பட்டியல் அதற்குப் பின்னால்தான் வரும். அதாவது, மொத்தம் எத்தனை பொருள் சொல்லப்போகிறோம் என்று முடிவாகும் முன்பே ஒருமையா, பன்மையா என்று சொல்லியாக வேண்டும். அந்த நொடியில் பேசுபவர் மனதில் இருப்பது முதல் பொருள் மட்டும்தான்.

விதி ஒன்று, வழக்கு ஒன்று

பள்ளி இலக்கணம் சொல்வது நேரடியானது. ‘அண்ட்’ போட்டு இணைத்தால் பன்மை. எனவே “தேர் ஆர் எ பெட், டூ சேர்ஸ் அண்ட் எ ஷெல்ஃப்” என்பதுதான் சரி. தர்க்கப்படி இதில் தவறில்லை.

ஆனால் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஆர் எ பெட்’ என்ற இடத்தில் காது இடறும். பன்மை வினைக்கு அடுத்ததாகவே ‘ஒரு’ என்ற பொருள் தரும் ‘எ’ வந்து நிற்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களில் பலர், முதல் பொருள் ஒருமையாக இருந்தால் “தேர் இஸ் எ பெட், டூ சேர்ஸ் அண்ட் எ ஷெல்ஃப்” என்றே சொல்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். வினை தனக்கு மிக அருகில் இருக்கும் சொல்லோடு ஒத்துப்போகிறது. ‘தேர் இஸ் எ பெட்’ என்று வாக்கியம் முடிந்துவிட்டது போலவும், மற்றவை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது போலவும் அது கேட்கிறது. பயன்பாட்டை ஆராய்ந்து எழுதப்பட்ட ஆங்கில இலக்கண நூல்கள் பலவும் இதைப் பிழையாகக் கருதுவதில்லை.

இந்தச் சலுகை முதல் பொருள் ஒருமையாக இருந்தால் மட்டும்தான். வரிசையைத் திருப்பிப் போட்டால் கதை மாறிவிடும். “தேர் ஆர் டூ சேர்ஸ், எ பெட் அண்ட் எ ஷெல்ஃப்” என்பதே சரி. இங்கே ‘தேர் இஸ் டூ சேர்ஸ்’ என்று எழுதினால் அது பிழை. பேச்சில் ‘தேர்ஸ் டூ சேர்ஸ்’ என்று சுருக்கிச் சொல்வதை ஹாலிவுட் படங்களில் கேட்டிருப்பீர்கள். நம்ம ஊர் ‘இருக்கு’ மாதிரி அது பேச்சுக்கு மட்டும். ஆபீஸ் மெயிலுக்கு ஆகாது.

இன்னொரு பொறியும் உண்டு. ‘ஃபர்னிச்சர்’ என்பது பல பொருட்களைக் குறித்தாலும் ஆங்கிலத்தில் எண்ண முடியாத சொல். எனவே ‘தேர் ஆர் ஃபர்னிச்சர்ஸ்’ என்பது இரண்டு இடத்தில் தவறு. ‘தேர் இஸ் சம் ஃபர்னிச்சர்’ என்று வர வேண்டும்.

தேர்வில் என்ன எழுதுவது?

விடைத்தாளைத் திருத்துபவர் எந்தக் கட்சி என்று தெரியாது. பள்ளி விதியை மட்டுமே ஏற்பவராக இருந்தால் ‘இஸ்’ஸுக்கு மார்க் போகும். சண்டையே வராத வழி இரண்டு இருக்கிறது.

முதல் வழி, பன்மைப் பொருளை முன்னால் கொண்டுவருவது. ரூமில் இரண்டு சேர் இருக்கிறதா? அங்கிருந்தே ஆரம்பியுங்கள். ‘தேர் ஆர் டூ சேர்ஸ்’ என்று தொடங்கினால் விதியும் திருப்தி, காதும் திருப்தி.

எல்லாமே ஒவ்வொன்றுதான் என்றால் இரண்டாவது வழி: ‘தேர்’ஐயே விட்டுவிடுவது. “தி ரூம் ஹேஸ் எ பெட், எ டேபிள் அண்ட் எ ஃபேன்.” இங்கே எழுவாய் ‘ரூம்’. அது ஒன்றுதான், வினைக்கு முன்பே வந்தும்விட்டது. பின்னால் மூன்று பொருள் வந்தாலும் முப்பது வந்தாலும் ‘ஹேஸ்’ மாறாது. ஒரு இடத்தை வர்ணிக்கச் சொல்லும் ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் தேர்விலும் இது கைகொடுக்கும். வர்ணிப்புக்கு முன் தயாராக அங்கே ஒரு நிமிடம்தான் தருகிறார்கள்.

சிவப்பு மை எங்கே விழ வேண்டும்?

சேலம், நாமக்கல் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே சொல்லித்தருபவர்கள் இரண்டு ‘இஸ்’களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘தேர் இஸ் டூ சேர்ஸ்’ என்று எழுதியவருக்கு உண்மையிலேயே ஒரு விஷயம் தெரியவில்லை. தமிழின் ‘இருக்கு’வை அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டார். அதைத் திருத்தியே ஆக வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும்.

‘தேர் இஸ் எ பெட், டூ சேர்ஸ்...’ என்று எழுதியவர் அப்படியில்லை. ‘எ பெட்’ ஒருமை என்று கவனித்துத்தான் ‘இஸ்’ போட்டிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே மாதிரி சுழி போட்டால் அவர் என்ன கற்றுக்கொள்வார்? அடுத்த முறை எங்கும் ‘ஆர்’ போடுவார், அல்லது நேர்காணலில் ‘தேர்’ என்றதும் நின்றுவிடுவார். சரியாக இயங்கிய காதை நம்ப வேண்டாம் என்று சொல்லித்தருவதாகத்தான் அது முடியும். பேச்சு வகுப்பில் இந்த ‘இஸ்’ஸை விட்டுவிடலாம். எழுத்துத் தேர்வுக்குத் தயாராகும்போது மட்டும், “கீ-யில் ‘ஆர்’ இருக்கலாம், வரிசையை மாற்றிக்கோ” என்று சொன்னால் போதும்.

ஐந்து ரோடு ஹாஸ்டல் ரூமுக்கு வருவோம். அந்தப் பெண் டீம்மேட்டிடம் “தேர் இஸ் எ பெட், டூ சேர்ஸ் அண்ட் எ ஷெல்ஃப்” என்றே சொல்லட்டும். அதே தகவலை மெயிலில் எழுதும்போது, முதலில் சேரை வைத்துக்கொள்ளட்டும்.