பூச்சியம் என்றால் வாசகர் இல்லை என்றா பொருள்?

புலம்பெயர் நாடொன்றிலிருந்து இயங்கும் தமிழ்ச் செய்தித் தளத்தின் இளம் ஆசிரியர் ஒருவருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருவதாக அண்மையில் ஒப்புக்கொண்டிருந்தேன். இலங்கையில் பிறந்து வெளிநாட்டில் வாழும் ஒருவர் தமது பிறப்புச் சான்றிதழின் பிரதியை அங்கிருந்தபடியே பெறுவது எப்படி என்பதுதான் பொருள். மறுநாள் மின்னஞ்சலில் ஓர் அட்டவணை வந்தது. தேடல் அளவு 0, போட்டிக் கடினம் 0, வணிகப் பெறுமதி 1. அதன் கீழே ஒரே வரி: "ஐயா, இதை எவரும் தேடுவதில்லை, வேறு தலைப்புத் தாருங்கள்." அதே அட்டவணையில் 'இன்றைய ராசிபலன்' பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

எண்ணிப் பார்ப்பதை இகழ்பவன் அல்லன் நான். அச்சுக் காலத்தில் எந்த ஊருக்கு எத்தனை பிரதி போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்று பார்த்துத்தான் பக்கங்களைத் தீர்மானித்தோம். ஆனால் எண் எங்கிருந்து வந்தது என்று கேளாமல் அதற்குத் தலைவணங்கியதில்லை. என் வழக்கு அந்தப் பூச்சியத்தோடுதான்.

முதலில் தேடல் அளவைப் பாருங்கள். ஒரு சொற்றொடரை மாதமொன்றில் சராசரியாக எத்தனை முறை தேடினார்கள் என்பதன் மதிப்பீடு அது. கூகுளின் கீவேர்ட் பிளானர் விளம்பரதாரருக்காக உருவாக்கப்பட்டது. அதன் எண்கள் திரட்டி, முழுமையாக்கித் தரப்படுபவை. கட்டணத்துக்குக் கிடைக்கும் பிற கருவிகள் பல்வேறு தரவுகளைக் கலந்து நாடுவாரியாக ஊகிக்கின்றன. போதிய தரவில்லாத சொற்றொடருக்குப் பூச்சியம் அல்லது வெறும் கோடு விழும். ஆகவே அந்தப் பூச்சியத்தின் பொருள் 'எவரும் தேடவில்லை' என்பதன்று. 'எம் வலையில் சிக்கவில்லை' என்பதே.

தமிழுக்கு இது எப்படி நேர்கிறது? 'பிறப்புச் சான்றிதழ்' என்று ஒற்றிட்டு எழுதுவோர் உளர். 'பிறப்பு சான்றிதழ்' என்று ஒற்றின்றி எழுதுவோர் உளர். இலங்கையில் 'பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்' என்ற பழைய வழக்கும் இன்னும் உயிரோடிருக்கிறது. அதிலும் ஒற்று உண்டு, இல்லை. இவற்றோடு தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோரையும், நேரே ஆங்கிலத்தில் கேட்போரையும் சேர்த்தால் ஒரே தேவைக்கு ஆறு வடிவங்கள் ஆகின்றன. தேடுபவர்களோ இலங்கை, கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா என்று ஆறு நாடுகளிலாவது சிதறியிருக்கிறார்கள். ஆறை ஆறால் பெருக்கினால் 36 கட்டங்கள். விளக்கத்துக்காக, கட்டமொன்றில் மாதம் 8 பேர் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 288 பேர். ஆனால் எட்டுப் பேரைக் காணும் கண் கருவிக்கு இல்லையென்றால் 36 கட்டத்திலும் பூச்சியம். அது தரும் உலகத் தொகையும் நாட்டுத் தொகைகளின் கூட்டுத்தானே? பூச்சியங்களைக் கூட்டினால் பூச்சியமே வரும்.

நமது ஆசிரியர் இவற்றுள் ஒரேயொரு வடிவத்தை, ஒரேயொரு நாட்டில் சோதித்திருந்தார். கருவியின்றியே சோதிக்க எளிய வழியுண்டு. தேடல் பெட்டியில் முதற் சொல்லைத் தட்டி நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் பெரும்பாலும் பிறர் ஏற்கெனவே தேடியவற்றிலிருந்து வருபவை. ஒற்றோடும் ஒற்றின்றியும், ஆங்கில எழுத்திலும் தட்டிப் பார்த்தால் தேவை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். எவ்வளவு என்பதுதான் தெரியாது.

அடுத்தது கடினம். முதற் பக்கத்தில் இடம்பிடிப்பது எவ்வளவு அரிது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் இது. பரவலாகப் பயன்படும் அஹ்ரெஃப்ஸ் கருவி, முதல் பத்து இடங்களிலுள்ள பக்கங்களுக்கு எத்தனை தளங்கள் இணைப்புக் கொடுத்துள்ளன என்பதை வைத்தே இதைக் கணிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஓரளவு பொருளுண்டு. நம்மவரோ ஒருவர் பக்கத்துக்கு மற்றவர் இணைப்புக் கொடுக்கும் வழக்கமே அரிதானவர்கள். ஆதலால் தமிழ்ச் சொற்களுக்குக் கடினம் அநேகமாகப் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். ராசிபலனுக்கும் அது தாழ்வாகவே காட்டக்கூடும். ஆனால் அங்கே நாள்தோறும் புதுப்பிக்கும் பெரும் நாளிதழ்களின் தளங்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றை அசைப்பது எளிதென்று நம்பி இறங்குபவர் ஏமாறுவார்.

முதல் பத்துப் பக்கங்களைத் திறந்து படிப்பதே உண்மையான சோதனை. பிறப்புச் சான்றிதழ் பற்றித் தமிழில் நான் தேடியபோது வந்தவற்றுட் பெரும்பாலானவை தமிழ்நாட்டு நடைமுறையை விளக்கின. இலங்கையிலோ பதிவாளர் நாயகம் திணைக்களமும் பிரதேச செயலகங்களும் சம்பந்தப்பட்ட வேறு நடைமுறை. தேடியவருக்குப் பக்கங்கள் கிடைக்கின்றன, பதில் கிடைக்கவில்லை. இந்த வெற்றிடத்தைக் காட்ட எந்த எண்ணும் இல்லை. பத்து நிமிட வாசிப்புக் காட்டிவிடும்.

மூன்றாவது வணிகப் பெறுமதி. இது கருவி தருவதன்று, நாமே இடுவது. நமது சேவையின்றி வாசகரின் சிக்கல் தீராது என்றால் 3. பெரிதும் உதவும் என்றால் 2. போகிறபோக்கில் குறிப்பிடலாம் என்றால் 1. தொடர்பே இல்லையெனில் 0. ஆகவே ஒரே தலைப்புக்கு ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு மதிப்பு. அந்தத் தளத்தில் விளம்பரம் செய்வோரில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரும் குடிவரவுச் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். சான்றிதழ் தேடி வருபவர் அடுத்துத் தேடப்போவது அவர்களைத்தான். இதற்கு 1 இட்டவர் தமது விளம்பரப் பக்கத்தையே பார்க்கவில்லை என்பேன். ராசிபலன் வாசகர் நூறாயிரம் பேர் வரலாம். சில்லறையும் விழலாம், மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தளத்தில் படித்தார் என்பதையே அவர் மாலைக்குள் மறந்துவிடுவார்.

நமது பத்திரிகைகளை நெடுங்காலம் தாங்கி நின்ற மரண அறிவித்தலை நினைத்துப் பாருங்கள். நேற்று மறைந்த ஒருவரின் பெயரைக் கருவியில் இட்டால் தேடல் அளவு பூச்சியந்தான். ஆயினும் ஊரார், உறவினர் அத்தனை பேரும் தேடி வந்து படிப்பது அதையே. குடும்பம் காசு கொடுப்பதும் அதற்கே. அந்தத் தளத்தின் வருமானத்திலும் பெரும்பங்கு அதுதான் என்று அந்த ஆசிரியரே முன்பொருமுறை என்னிடம் சொன்னார்!

எனவே நான் வரிசையைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். முதலில் பெறுமதி, அது 2க்குக் கீழென்றால் எத்தனை பெரிய தேடல் அளவும் வேண்டாம். பிறகு முதல் பத்துப் பக்கங்களின் வாசிப்பு. அங்கே நல்ல பதில் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடலாம். தேடல் அளவு கடைசியில் வரட்டும். அதுவும் இருவேறு நல்ல தலைப்புகளுள் எதை முதலில் எழுதுவது என்று தீர்மானிக்க மட்டும்.

என் கணிப்பும் பிழைக்கலாம். அதற்கும் சோதனையுண்டு. கட்டுரை வெளியாகி மூன்று மாதங்களின் பின் கூகுளின் சேர்ச் கொன்சோலைத் திறந்தால், எந்தச் சொற்களுக்கு நமது பக்கம் எத்தனை முறை தேடலில் தோன்றியது என்று காட்டும். மிக அரிதான தேடல்களை அது மறைத்துவிடும். ஆயினும் ஊகமன்று, நமது பக்கத்தின் சொந்தக் கணக்கு. பக்கம் பட்டியலில் ஏறியிருந்தும் ஆறு வடிவங்களில் ஒன்றிலேனும் அது தோன்றவில்லையென்றால் நான் தோற்றேன். தலைப்பைக் கைவிடத் தயார்.

இதையெல்லாம் எழுதி அந்த ஆசிரியருக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அந்தக் கட்டுரையை இந்தப் பக்கத்திலேயே இடுவேன். மூன்று மாதங்களின் பின் கணக்கையும் இங்கேயே, என் தோல்வியாயினும் மறைக்காமல் வைப்பேன்.