கடைசி அடியில் வந்த வண்டி

பெண் கேட்கச் செல்பவன் தன்னிடம் உள்ளதைச் சற்றே கூட்டிச் சொல்வது உலக வழக்கு. தன்னிடம் இல்லாததைச் சொல்லிப் பெண் கேட்டவன் ஒருவனை ஆங்கிலப் பாட்டொன்றிற் காண்கிறோம். 'டெய்சி பெல்' என்னும் அப்பாட்டை ஹரி டேக்கர் என்பவர் 1892இல் இயற்றினார். இலண்டன் இசையரங்குகளிற் கேற்றி லோறன்ஸ் என்னும் பாடகி பாட, அது எங்கும் பரவிற்று.

மக்கள் நாவில் நிலைத்தது ஆறே அடிகள் கொண்ட அதன் பல்லவிதான். காதலன் அவளைப் பெயர் சொல்லி இருமுறை அழைத்து, மறுமொழி தரும்படி இரக்கிறான். அவள்மேற் கொண்ட அன்பினால் அரைப் பித்தனாகி விட்டதாகச் சொல்கிறான். அடுத்து வருவது, இந்நிலையில் எவரும் மறைக்க முயலும் செய்தி. நம் திருமணம் ஆடம்பரமாக இராது, குதிரை வண்டி வைத்திருக்க எனக்கு வசதியில்லை என்கிறான். அக்காலத்திற் சொந்த வண்டி என்றால் குதிரை, லாயம், சாரதி எல்லாம் சேர்ந்த செலவு. அப்படியானால் மணமகள் எதிலே போவாள்? ஐந்தாம் அடியில், அந்த ஆசனத்தில் நீ அழகாயிருப்பாய் என்கிறான். எந்த ஆசனம்? ஆறாம் அடியில் விடை வருகிறது: இருவர் ஏறி மிதிக்கும் துவிச்சக்கர வண்டி!

கேட்போர் சிரிப்பர். ஆனால் அது ஏளனச் சிரிப்பன்று. குதிரை வண்டியில் மணமகள் வெறுமனே அமர்ந்திருப்பாள். இவ்வண்டியிலோ அவளும் மிதிக்க வேண்டும். அவன் கொடுக்கக்கூடியதும் அவளிடம் கேட்பதும் ஒரே பொருளாக அமைந்து விட்டன.

ஓசையும் இதற்குத் துணை செய்கிறது. முதலிரண்டு அடிகளும் 'ஊ' என்ற ஒலியில் முடிகின்றன. திருமணத்தையும் வண்டியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அடுத்த ஈரடிகளில் வேறோர் இயைபாய் வருகின்றன. முதலில் கேட்ட ஒலியைச் செவி தேடி நிற்க, 'இரண்டு' என்னும் பொருளுடைய 'டூ' என்ற சொல்லோடு பல்லவி முடிகிறது. தனியொருவனின் கெஞ்சலாகத் தொடங்கியது இருவர் என்ற சொல்லில் வந்து நிற்கிறது.

அச்சொற்றொடர் பிறந்த விதம் குறித்து ஒரு கதை உண்டு. டேக்கர் அமெரிக்காவிற்குத் தம் துவிச்சக்கர வண்டியுடன் சென்றபோது சுங்கத் தீர்வை கேட்டனராம். இருவர் ஏறும் வண்டியைக் கொண்டு வந்திருந்தால் இருமடங்கு கட்டியிருப்பாய் என்று நண்பர் வில்லியம் ஜெரோம் நகையாட, அது அவர் மனதிற் பதிந்து விட்டதாம்.

இப்பாட்டிற்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்புண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1961இல் ஒரு கணனியைப் பாட வைத்தபோது, அதற்குப் பயிற்றியது இதனையே. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இற் கொழும்பிற் காலமான ஆர்தர் சி. கிளார்க் அதனை அங்கு நேரிற் கேட்டார். அதன் விளைவாக, 1968இல் வெளிவந்த '2001' என்னும் திரைப்படத்தில், நினைவு சிறிது சிறிதாய் அகற்றப்படும் ஓர் இயந்திரம், குரல் தாழ்ந்து தளர, இந்தப் பெண் கேட்கும் பாட்டையே பாடுகிறது.