திரும்பி வந்த இடியப்பம் ஆற்ற கணக்கு?

போன செமஸ்டரில் எங்கட கன்ரீனில் இடியப்பம் 12 ரூபாயிலிருந்து 14 ஆனபோது நாங்கள் மூன்று நாள் பகிஷ்கரித்தோம். நாலாம் நாள் விலை பழையபடி 12க்கு வந்தது. வெற்றி என்று முகநூலில் எழுதினோம். அந்த 2 ரூபாயை ஆர் கட்டினது என்று அப்போது ஒருத்தரும் கேட்கேல்லை.

கன்ரீனுக்கு இடியப்பம் அவிச்சுக் குடுக்கிற அன்ரியின் வீட்டுக்குப் பிறகுதான் போனோம். ஹொஸ்டலிலிருந்து சைக்கிளில் பத்து நிமிசம். விடிய இரண்டரைக்கு அடுப்பு மூட்டுறா. 2022இல் காஸ் இல்லாமல் போனபோது விறகுக்கு மாறினவா, இன்னும் விறகுதான். வறுத்த சிவப்பு அரிசி மாவைக் கொதிதண்ணியில் குழைச்சு, சூடு ஆற முதல் பிழிய வேணும். ஆறினால் உரல் இறுகும், கை நோகும், இடியப்பமும் அறுந்து விழும். அவா பிழிய, மகள் தட்டுகளை அடுக்கி அவிக்கிறா. ஆறரைக்கு 300 இடியப்பம் கன்ரீன் வாசலில்.

அவா சொன்ன கணக்கைக் கொப்பியில் எழுதினோம். ஒரு கிலோ மாவில் 60 வரும், ஆகவே 300க்கு 5 கிலோ. கிலோ 260 ரூபாய்ப்படி 1300. விறகுக்கும் மற்றச் சில்லறைக்கும் 250. கன்ரீன் அவாவுக்குக் குடுக்கிறது ஒன்றுக்கு 8 ரூபாய். எல்லாம் வித்தால் 2400 வரும், செலவு போக 850 மிஞ்சும்.

ஆனால் எல்லாம் விக்கிறேல்லை. விக்காததை கன்ரீன் திருப்பிக் குடுத்து, காசைக் கழிச்சுப்போடும். நாங்கள் போன கிழமை 40 திரும்பி வந்த நாளும் இருந்தது. 40 எண்டால் 320 ரூபாய். 850இல் அது போக 530. இரண்டு பேர், நாலு மணித்தியாலம். ஒரு ஆளுக்கு மணிக்கு 66 ரூபாய்.

இதில்தான் விசயம் இருக்கு. திரும்பி வந்தது பிழிஞ்சதில் ஏழில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அது இலாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்னுது. 107 திரும்பி வந்தால் அண்டைக்கு கைக்காசு நட்டம். இடியப்பம் அடுத்த நாளைக்கு நிக்காது. பின்நேரமே காய்ஞ்சு விறைச்சிடும். வீட்டில் பிரட்டிச் சாப்பிடலாம், மிச்சம் கோழிக்கு.

ஏன் திரும்பி வருது? அவா கூடப் பிழிஞ்சதால் இல்லை. வெள்ளிக்கிழமை பாதிப்பேர் ஊருக்குப் போறது எங்களுக்குத் தெரியும். படிப்பு விடுமுறை எப்ப தொடங்குது என்றும் தெரியும். நாங்கள் பகிஷ்கரிக்கப் போறது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்த மூன்று நாளும் அவா 300 பிழிஞ்சா.

கன்ரீன் அண்ணையை வில்லனாக்கி முடிச்சால் எங்களுக்கு வசதி. ஆனால் 260 வித்தால் அவருக்குக் கையில் நிக்கிறது 1040. சம்பல், சொதி, வேலையாள் சம்பளம், இடத்து வாடகை, கரண்ட் பில் எல்லாம் அதுக்குள்ள. விலைப்பட்டியலில் கை வைக்க ஏலாத அவர், கை வைக்கக்கூடிய இடத்தில் வைக்கிறார். அன்ரிக்குக் காசு மாசக் கடைசியில்தான் குடுபடும். மாக்கடையோ அண்டண்டைக்கு காசு கேட்கும். விலை 14 ஆனபோது தனக்கு 9 தாறதாகச் சொன்னவர் என்றும், 12க்கு இறங்கின அண்டே அது திரும்ப 8 ஆனது என்றும் அன்ரி சொன்னா. எங்கட வெற்றி அதுதான்.

“மாணவர்களிட்டக் காசில்லை” என்று தோழர்கள் சொல்லுவினம். உண்மை. 2025இல் மகாபொல 5000இலிருந்து 7500 ஆனபோதும் ஒரு நாளுக்கு 250 ரூபாய்தான் வந்தது. ஆனால் எங்கட வறுமைக்கு மானியம் குடுக்கவேண்டியது நிர்வாகம், விறகடுப்புக்கு முன்னால் இருக்கிற ஒரு மனுசி இல்லை. கன்ரீன் வாடகையையும் கரண்ட் பில்லையும் நிர்வாகம் ஏற்கட்டும் என்று ஒரு நாளாவது மறியல் இருந்தோமா? விலைப்பட்டியலுக்கு முன்னால் நிண்டு கத்துறது சுகம், நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் நிக்கிறது கஷ்டம்.

விலையை இறுக்கினால் செலவு காணாமல் போகாது, இடம் மாறும். இடியப்பம் சிறுத்தால், பருப்பில் தண்ணி மிதந்தால், ரோல்ஸில் பழைய எண்ணெய் மணந்தால், அது மாறி வந்த இடம் அங்கை என்று அர்த்தம். ஒண்டும் மாறாமல் விலை மட்டும் நிண்டால், ஒரு வீட்டுக் குசினியில் ஆரோ கட்டுகினம்.

ஆகவே அடுத்த கன்ரீன் கூட்டத்தில் நாங்கள் கேட்கப்போறது மூன்று. முதல் நாள் பின்நேரமே எண்ணிக்கை சொல்ல வேணும், சொன்ன எண்ணிக்கையில் மிஞ்சுறது கன்ரீனின் கணக்கு. காசு கிழமைக்கு ஒருக்கா. கன்ரீனுக்கு வாற சுமைக்கு ஈடாக வாடகையை நிர்வாகம் விட்டுக்குடுக்க வேணும். பரீட்சைக் கால அட்டவணையை அன்ரிக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறது எங்கட வேலை. அதுக்குக் கூட்டம் தேவையில்லை, சைக்கிள் போதும்.