இளைத்தது நல்லதுக்கா?

சிலாங்கூரில் ஒரு தோட்டத்திலிருந்து சகோதரி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவருக்கு 64 வயது. நீரிழிவுக்காரர், மாத்திரை சாப்பிடுகிறார். காலில் புண் வந்து இரண்டு மாதமாக ஆறவில்லை. சென்ற வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இனி அவர் வார்த்தையிலேயே கேளுங்கள்.

"வார்டுக்குள் போனதும் மிஸ்ஸி புண்ணைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ முதலில் எடை பார்த்தார், உயரம் அளந்தார். நாலு மாதத்துக்கு முன் எத்தனை கிலோ இருந்தார் என்று கேட்டார். கிளினிக் புத்தகத்தைக் காட்டினேன். அதில் 70 கிலோ, இப்போது 61. 'சீனி வியாதிக்காரர் இளைத்தது நல்லதுதானே மிஸ்ஸி' என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சார்ட்டில் '2' என்று எழுதிவிட்டு டயட்டீஷியனை வரச் சொன்னார். அந்தப் பெண் வந்து முட்டையும் பாலும் கொடுக்கச் சொல்கிறார். சோற்றைப் பாதியாகக் குறைத்து, முட்டையையும் நிறுத்தி, இவரைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவள் நான். இப்போது எல்லாவற்றையும் கொடுத்தால் சீனி ஏறிவிடாதா? காலை எடுக்கும்படி ஆகிவிட்டால் யார் பொறுப்பு?"

சகோதரி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நானும் முப்பது வருடம் வார்டில் நின்றவள். அந்த மிஸ்ஸி ஒன்றும் சொல்லாமல் போனது சரியில்லை. உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக நான் விளக்குகிறேன்.

அவர் போட்ட '2' ஒரு கணக்கின் விடை. 'மஸ்ட்' என்று அதற்குப் பெயர். 2003-இல் இங்கிலாந்தில் ஊட்டச்சத்து நிபுணர்கள் சங்கம் ஒன்று வெளியிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு வேறு படிவங்கள் உண்டு; சிங்கப்பூரில் உருவாக்கப்பட்டதும் ஒன்று உண்டு. ஆனாலும் எடை குறைந்ததா என்ற கேள்வி பெரும்பாலும் எல்லாவற்றிலும் வரும். மஸ்டில் மூன்று பார்வைகள்: இப்போதைய எடை உயரத்துக்குப் போதுமா, கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, கடும் நோயால் ஐந்து நாளுக்கு மேல் வயிற்றில் ஒன்றும் போகவில்லையா அல்லது போகாது போலிருக்கிறதா.

உங்கள் கணவரை வைத்தே போட்டுப் பார்ப்போம். உயரம் 160 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். எடையை, மீட்டரில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 61 ÷ (1.6 × 1.6) = 23.8. இதைத்தான் பி.எம்.ஐ. என்கிறார்கள். 20-க்கு மேல் இருந்தால் மதிப்பெண் பூஜ்யம், 18.5-க்கும் 20-க்கும் இடையில் என்றால் ஒன்று, 18.5-க்குக் கீழே என்றால் இரண்டு. ஆக இவருக்குப் பூஜ்யம். இன்னும் சொல்லப்போனால், ஆசியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே எடை கூடுதல் என்பார்கள். அந்தக் கணக்கில் இவர் கொஞ்சம் குண்டுதான்! இதோடு நிறுத்தினால், "நன்றாகத்தான் இருக்கிறார்" என்று அனுப்பிவிடுவார்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் குட்டு வெளிப்படுகிறது. 70-லிருந்து 61, குறைந்தது 9 கிலோ. 9 ÷ 70 × 100 = 12.9, அதாவது ஏறக்குறைய 13 சதவீதம். (பழைய எடையால்தான் வகுக்க வேண்டும். இப்போதைய எடையால் வகுத்துத் தப்புக் கணக்குப் போடும் புதுத் தாதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.) 5 சதவீதத்துக்குக் கீழே குறைந்தால் பூஜ்யம், 5 முதல் 10 வரை ஒன்று, 10-க்கு மேல் இரண்டு. இவருக்கு இரண்டு. மூன்றாவதற்குப் பூஜ்யம், ஏனென்றால் ஏதோ கொஞ்சமாவது சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். மொத்தம் இரண்டு வந்தாலே அதிக ஆபத்து என்று பொருள். ஒன்று வந்தால் மூன்று நாள் சாப்பாட்டைக் குறித்துக் கவனிப்பார்கள். இரண்டுக்கு டயட்டீஷியனைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

"நான்தானே சோற்றைக் குறைத்தேன், அது திட்டமிட்டு இளைத்ததாகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர் பார்வையில், நன்றாக நடமாடிக்கொண்டு, மெதுவாக எடையைக் குறைப்பது வேறு. புண்ணும் காய்ச்சலுமாக, பசியும் செத்துப்போய், கட்டுக்கடங்காத சீனி உடம்பைக் கரைக்க, நாலு மாதத்தில் ஒன்பது கிலோ போவது வேறு. அப்படிப் போகிற எடையில் கொழுப்பு மட்டும் போவதில்லை, தசையும் போகிறது. புண் ஆறப் புதுச் சதை வளர வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். அது சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. கடையில் சரக்கு வராதபோது அலமாரியை உடைத்து விறகாக்குவது போலத்தான்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன என்று. அப்படியானால் அந்த 61 கிலோவில் நீரும் அடக்கம். உண்மையான எடை அதற்கும் கீழே. வீக்கம் வற்றும்போது தராசில் எடை இறங்கும், பயந்துவிடாதீர்கள். இம்மாதிரி நேரத்தில் தராசை மட்டும் நம்பாமல் மேல்கையை அளப்பார்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் சுற்றி, 23.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக வந்தால் ஆள் மெலிந்தவர் என்று கொள்ளலாம். எழுந்து நிற்க முடியாதவருக்கும் இதுதான் வழி. கிளினிக் புத்தகம் இல்லாதவர்களிடம் நாங்கள் மோதிரம் கழல்கிறதா, பெல்ட்டில் புது ஓட்டை போட்டீர்களா, பல் செட் ஆடுகிறதா என்று கேட்போம். மனிதர் மறப்பார், பெல்ட் மறக்காது.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நோயாளி இளைப்பதும் உண்டு. 1974-இல் சார்ல்ஸ் பட்டர்வொர்த் என்ற அமெரிக்க டாக்டர் இதைப் பற்றிக் காரமாகவே எழுதினார். எடையையும் உயரத்தையும்கூடக் குறித்து வைப்பதில்லை என்பது அவர் சொன்ன குறைகளில் ஒன்று. நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரியில், ஸ்கேனுக்காக ஒரு பெரியவருக்குக் காலையில் ஒன்றும் கொடுக்கவில்லை. சாயங்காலம் "இன்றைக்கு இல்லை, நாளைக்கு" என்றார்கள். மறுநாளும் அதே கதை. மூன்று நாள் கழித்துத்தான் நடந்தது. தட்டு வரும், போகும். யாரும் கணக்கு வைக்கவில்லை. உங்கள் கணவர் கட்டிலின் மேல் வெறும் வயிறு என்று பலகை மாட்டினால், "எத்தனை மணிக்கு மிஸ்ஸி? தள்ளிப்போனால் சாப்பிடக் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு நாள் அவர் சாப்பிட்டதை எழுதியிருந்தீர்கள்: காலையில் பாலில்லாத தேநீர், மூன்று கிராக்கர்ஸ், மதியம் ஒரு கிண்ணம் சோறும் ரசமும், மாலையில் இரண்டு ரொட்டி, இரவு ஒரு கிண்ணம் கஞ்சி. நான் கூட்டிப் பார்த்தேன். சுமார் 650 கலோரி. புரதம் 15 கிராம் தேறினால் பெரிது. கிலோவுக்கு 30 கலோரி என்று வைத்தால் இவருக்கு நாளைக்கு 1,800 கலோரி வேண்டும். புண் உள்ளவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்றால் 75 முதல் 90 கிராம். பார்த்தீர்களா, கலோரியில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது; புரதத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதைச் சோற்றைக் குவித்து நிரப்பச் சொல்லவில்லை. பசியில்லாதவர் பெரிய தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையிலும் புரதம் ஏதாவது இருக்கும்படி செய்யுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. கஞ்சியை நீரில் காய்ச்சாமல் பால்மாவு கலந்து கொடுங்கள். மதியம் ரசத்தோடு நிறுத்தாமல் கெம்போங் மீன் ஒன்று, பருப்பு. மாலையில் ரொட்டிக்குப் பதில் அவித்த கடலையோ தெம்பேயோ. இரண்டு சாப்பாட்டுக்கு இடையில் டயட்டீஷியன் சொன்ன சத்துமாவுப் பாலைக் கொடுங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன் கொடுத்தால் வயிறு நிறைந்து சோறு வீணாகும். நீரிழிவுக்காரருக்கென்றே தயாராகும் மாவு இருக்கிறது.

சீனி ஏறுமா? கொஞ்சம் ஏறலாம். அதற்குத்தான் விரலில் குத்திப் பார்க்கிறார்கள். ஏறினால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், அல்லது சில நாள் இன்சுலின் போடுவார். பட்டினி போட்டுச் சீனியை இறக்கினால் புண்ணுக்குத் தேவையானதும் சேர்ந்து இறங்கிவிடும். ஒன்று மட்டும் கட்டாயம் கேளுங்கள்: சிறுநீரகம் எப்படி இருக்கிறது? அது பழுதாகியிருந்தால் புரத அளவை டாக்டரும் டயட்டீஷியனும் மாற்றிச் சொல்வார்கள். அப்போது என் கணக்கை விட்டுவிட்டு அவர்கள் கணக்கைப் பிடியுங்கள்.

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குக் குழாயில் மிகக் கொஞ்சமாகத்தான் பால் விடுகிறார்கள், பாவம் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பத்து நாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாதவர் என்றும் சொல்கிறீர்கள். அது கஞ்சத்தனம் அல்ல, எச்சரிக்கை. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய உணவு போனால் இன்சுலின் பெருகும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் பாய்ந்துவிடும். ரத்தத்தில் அவை தாழ்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இரண்டாம் உலகப்போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து வந்தவர்களில் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்ததற்கு இதுதான் காரணம். ஆகவே அப்படிப்பட்டவருக்குக் கிலோவுக்குப் பத்து கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஏற்றுவார்கள். தயமின் என்ற வைட்டமினை முதலிலேயே கொடுப்பார்கள். ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் கணவர் ஓரளவு சாப்பிட்டு வந்தவர், அவ்வளவு ஆபத்து இல்லை. என்றாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டாம். நாலைந்து நாளில் படிப்படியாக ஏற்றுங்கள்.

மிஸ்ஸி சாப்பாட்டுக் குறிப்பு எடுக்க வரும்போது "நல்லாச் சாப்பிட்டார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். நம் பெண்கள் மரியாதைக்காக அப்படித்தான் சொல்வார்கள். பாதித் தட்டா, கால் தட்டா, பால் எத்தனை மடக்கு என்று உள்ளதைச் சொல்லுங்கள். தட்டில் பாதிக்கு மேல் போகவில்லை என்று மூன்று நாள் தெரிந்தால் அவர்கள் திட்டத்தை மாற்றுவார்கள். வாயால் போதுமானது போகவே போகாது என்றால்தான் மூக்கு வழியாகக் குழாய் என்ற பேச்சு வரும். அது நிரந்தரமல்ல, சாப்பாடு ஏறியதும் எடுத்துவிடுவார்கள்.

வாரம் ஒருமுறை அதே தராசில், காலையில், சிறுநீர் கழித்த பிறகு, அதே மெல்லிய துணியோடு எடை பாருங்கள். கிளினிக் புத்தகத்தில் 61 என்பதன் கீழே தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். கால் வீக்கம் இருந்ததா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்தச் சத்துமாவை எத்தனை வாரம் தொடர வேண்டும் என்று கேட்டு, கிளினிக்குக்குக் கொடுக்கும் கடிதத்தில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் அந்த எடைகளை எழுதுங்கள், சகோதரி. புண் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் சேர்த்து.