கடைசி வாரத்துக்கு ஒதுக்கும் பாடமல்ல சைக்காலஜி

ஆரணியில் டெட் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பள்ளிப் பாடப்புத்தகத்தை ஒருவரி வினா விடையா உருப்போட்டா போதும். சைக்காலஜி கதை மாதிரிதான், கடைசி வாரத்துல பார்த்துக்கலாம்." பணியில் இருப்பவர்களும் இந்தத் தகுதியைப் பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, இருபது வருடம் பாடம் எடுத்தவர்களும் இதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இது தவறான வழிகாட்டுதல்.

அதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டுத் தேர்வில் பாட வினாக்கள் பெரும்பாலும் மாநிலப் பாடநூல்களை ஒட்டியே வருகின்றன. அவற்றைப் படிக்காமல் யாரும் தேற முடியாது. ஆனால், படிப்பது வேறு, உருப்போடுவது வேறு.

முதலில் மதிப்பெண் கணக்கு. முதல் தாளில் 150 வினாக்கள். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என ஐந்துக்கும் தலா 30. பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. சைக்காலஜியில் 15 வாங்கினால் மற்ற நான்கிலும் சேர்த்து 75 வேண்டும்; 25 வாங்கினால் 65 போதும். அந்தப் பத்து மதிப்பெண்ணைத்தான் கடைசி வாரத்திடம் ஒப்படைக்கிறார்கள்.

அடுத்து, "நேரம்தான் பிரச்சினை, தெரிந்ததை வேகமாகக் குறித்தால் போதும்" என்கிறார்கள். 2012 ஜூலையில் முதல் தேர்வு ஒன்றரை மணி நேரம் நடந்தது. நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு வைத்தார்கள். அப்போதும் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்கே தேறினார்கள். எழுதியவர்கள் கையில் பாடப்புத்தகம் இல்லாமலா இருந்தது?

"பியாஜே என்றால் நான்கு நிலை, ப்ரூனர் என்றால் மூன்று நிலை, பெயரைப் பொருத்தத் தெரிந்தால் போதும்" என்ற கூற்றுக்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒருவர் டி.டெட். முடித்தவர். தார் சுற்றும் ராட்டை பக்கத்திலேயே புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பார். அவருடைய மகன் மூன்றாம் வகுப்பு. ஒருநாள் பையனின் நோட்டைக் காட்டி, "அக்கா, எத்தனை தடவை சொன்னாலும் கழித்தல் தப்பாவே போடுறான், கவனமே இல்லை" என்றார். 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். அடுத்த கணக்கு 60-லிருந்து 24, விடை 44. அதற்கடுத்தது 58-லிருந்து 23. 35 என்று சரியாகவே போட்டிருந்தான்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது கவனக்குறைவு அல்ல என்று தெரியும். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாராமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறான். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கில் இந்த வழி சரியான விடையே தருவதால், அவனுக்குத் தன் தவறு தெரிவதில்லை.

இதையே வினாவாக்கி, ஆசிரியர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது, விதியைத் திரும்பச் சொல்வது, நன்றாகப் படிக்கும் பிள்ளையருகே உட்காரவைப்பது எல்லாமே நல்ல யோசனைகளாகத் தோன்றும். பத்துக் கணக்கு கொடுத்தால் பிழைதான் பழகும்.

சரியான நான்காவது விடை, பொருளை அவன் கையில் கொடுத்துச் செய்ய விடுவது. அந்த வீட்டில் தார்க்குச்சிகள் நிறைய இருந்தன. பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டும், உதிரியாக இரண்டும் வைத்தோம். "27 குச்சி எனக்குக் கொடு" என்று பையனிடம் கேட்டேன். இரண்டு கட்டைக் கொடுத்தான். ஏழு உதிரி இல்லாமல் கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு தானே ஒரு கட்டைப் பிரித்தான். உதிரி பன்னிரண்டாயிற்று. ஏழு போக ஐந்து, மிச்சம் இரண்டு கட்டு. 25.

எட்டு வயதுப் பிள்ளைக்குக் குச்சி ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பதில், பியாஜே சொன்ன கண்கூடாகப் பார்த்துச் சிந்திக்கும் நிலை. கையால் செய்தல், படமாகப் பார்த்தல், குறியீட்டில் எழுதுதல் என்ற வரிசை ப்ரூனருடையது. ஒரு கட்டு பத்து உதிரியானது கணக்குப் பாடத்தின் இடமதிப்பு. மூன்றும் ஒரே கழித்தலில் இருந்தன. பெயர்ப் பட்டியலை மட்டும் உருப்போட்டவர் இந்த வினாவில் நான்கு விடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று பியாஜே பக்கத்தைப் படித்து முடித்ததும், வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். தவறான விடைகளைத் திருத்துவதற்கு முன், "இது எப்படி வந்துச்சு?" என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.