காலண்டர் தாள்கள்

திண்ணையிலிருந்து நடுவீடு வரைக்கும் தாளாகக் கிடந்தது. நாளைக்கு பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. சுகன்யாவின் குறிப்புகளில் பாதி நோட்டில் இருந்தது. மீதி, கிழித்த தினசரி காலண்டரின் பின்பக்கங்களில் இருந்தது.

ஜனவரியில் அம்மாவை மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூடவே இருந்ததில் பதினெட்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்போது தீபா தன் நோட்டை போட்டோ எடுத்து அனுப்ப, கையில் கிடைத்த தாளில் எல்லாம் சுகன்யா எழுதி வைத்தாள்.

மதுரையில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர வேண்டும். மார்க்கை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். தனியார் கல்லூரி ஃபீஸ் அப்பாவால் முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஏழு மணிக்கு, எல்லாவற்றையும் புது நோட்டில் அழகாக எழுத ஆரம்பித்தாள். தலைப்புக்கு நீலம், சூத்திரத்துக்குச் சிவப்பு. முதல் பாடம் முடிந்தபோது மணி ஏழு ஐம்பது. மொத்தம் 11 பாடம். கணக்குப் போட்டாள். இப்படியே போனால் விடியற்காலை நாலு மணி தாண்டிவிடும். தவிர, எழுதிய பக்கத்தை மூடிவிட்டு யோசித்தால் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.

மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அப்பத்தா நிமிர்ந்து பார்த்தது. "ஏத்தா, எழுதுறியா, படிக்கிறியா?"

சுகன்யா பேனாவை மூடினாள்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் பாட எண்ணை மட்டும் போட்டாள். பிறகு எண் வாரியாக அடுக்கினாள். ஒரே விஷயம் இரண்டு தாளில் இருந்தால், தெளிவாக இருந்ததை வைத்துக்கொண்டு மற்றதை ஓரமாகத் தள்ளினாள். அரை மணி நேரத்தில் வீடு காலியாகி, 11 கட்டுகள் வரிசையாக நின்றன.

அடுத்து, ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு வெள்ளைத் தாள். அதில் அந்தப் பாடத்தின் சூத்திரங்களையும், ஐந்து மார்க் கேள்விகளின் தலைப்புகளையும் பார்க்காமல் எழுதினாள். எழுதிவிட்டுக் கட்டைப் பிரித்துச் சரிபார்த்தாள். சரியாக வந்ததை அப்படியே விட்டாள். தப்பானதையும் விட்டுப்போனதையும் மட்டும் சிவப்பில் வட்டமிட்டாள். காலையில் பார்க்க வேண்டியது அந்த வட்டங்கள் மட்டும்தான்.

ஆறாவது பாடம், கதிர் ஒளியியல். ஆடிச் சமன்பாடு என்று அவள் எழுதியது 1/v + 1/u = 1/f. காலண்டர் தாளில் இருந்ததோ 1/v − 1/u = 1/f. எது சரி? பாடப் புத்தகத்தை தீபா வாங்கிப்போய் இரண்டு நாளாகிறது.

ஒரு நிமிடம் யோசித்தாள். குழி ஆடியில், வளைவு மையத்தில் பொருளை வைத்தால் பிம்பமும் அங்கேயே விழும். இது நிச்சயம். குவியத்தூரம் 10 செ.மீ. என்றால் பொருளும் பிம்பமும் 20 செ.மீ. தூரத்தில் இருக்கும். மூன்றும் ஆடிக்கு முன்னால் இருப்பதால் மூன்றுக்குமே கழித்தல் குறி. கூட்டல் சூத்திரத்தில் போட்டாள். −1/20 − 1/20 = −1/10. பொருந்தியது. கழித்தல் சூத்திரத்தில் இடப்பக்கம் பூஜ்ஜியம் வந்தது.

அப்படியானால் காலண்டரில் இருப்பது என்ன? குவி லென்ஸுக்குப் போட்டுப் பார்த்தாள். u = −20, v = +20, f = +10. 1/20 + 1/20 = 1/10. அது லென்ஸ் சூத்திரம். தலைப்பு மாறியிருக்கிறது.

தான் எழுதும்போது மாற்றிவிட்டோமோ என்று போனில் பழைய போட்டோவைத் தேடினாள். தீபாவின் நோட்டிலேயே அப்படித்தான் இருந்தது.

மணி பத்தரை. தீபா வீட்டில் இருப்பது அவள் அப்பாவின் போன். இந்நேரத்துக்குக் கூப்பிட்டால் திட்டுவாரோ? வகுப்பில் எப்போதும் தீபாதான் முதல், அடுத்துதான் சுகன்யா. கூப்பிடாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

தாள்களைப் பார்த்தாள். அந்தப் பதினெட்டு நாளும் ராத்திரி தவறாமல் வந்த போட்டோக்கள் அவை.

கூப்பிட்டாள்.

"தீபா, உன் நோட்டுல ஆடின்னு போட்டு லென்ஸ் சூத்திரம் இருக்குடி. புத்தகத்தைப் பாரு."

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"மூணு மாசமா அதைத்தான்டி மனப்பாடம் பண்ணிருக்கேன்" என்றாள் தீபா. குரல் அடைத்திருந்தது. "வேற எதுவும் மாறியிருக்கா?"

"மத்த அஞ்சு கட்டையும் இனிமேத்தான் பார்க்கணும். நீ புத்தகத்தை வச்சுக்க. நான் ஒவ்வொண்ணா வாசிக்கிறேன், நீ சரிபாரு."

அப்பத்தா பூப்பந்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, விளக்கைத் தாள்கள் பக்கம் நகர்த்தி வைத்தது.